கோப்பின் முதல் பக்கம்: போர்டு கூட்டத்தின் முகப்புக் குறிப்பு எதற்காக?

2007 செப்டம்பர் 6 அன்று, மெல்பர்னைத் தலைமையிடமாகக் கொண்ட சென்ட்ரோ குழுமத்தின் இயக்குநர்கள் தங்கள் ஆண்டுக் கணக்குகளுக்கு ஒப்புதல் அளித்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வணிக வளாகங்களை நடத்திய பெரிய குழுமம் அது. அந்தக் கணக்கில் சுமார் 150 கோடி ஆஸ்திரேலிய டாலர் கடன், நெடுநாள் கழித்துத் திருப்பித் தர வேண்டிய கடன்களின் வரிசையில் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அது ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன். குழுமத்தின் இன்னொரு நிறுவனக் கணக்கில் சுமார் 50 கோடி டாலர் இதேபோல இடம் மாறியிருந்தது. கணக்காண்டு முடிந்த பிறகு குழுமம் கொடுத்த சுமார் 175 கோடி அமெரிக்க டாலர் உத்தரவாதமோ கணக்கில் சொல்லப்படவே இல்லை.

மூன்று மாதம் கழிந்தது. டிசம்பரில், தவணை வந்த கடன்களைப் புதுப்பிக்க முடியவில்லை என்று சென்ட்ரோ அறிவித்தது. அதன் பங்கு விலை ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. கணக்கை நம்பிப் பங்கு வாங்கியவர்கள், கடன் இவ்வளவு அருகில் நிற்பதை அன்றுதான் அறிந்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் நிறுவன ஒழுங்காற்று ஆணையம் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. குழுமத் தலைவர் ஹீலியின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில், 2011 ஜூன் 27 அன்று நீதிபதி மிடில்டன் தீர்ப்பளித்தார். நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களும் தலைமை நிதி அதிகாரியும் கடமை தவறியதாக அவர் கண்டார். அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள்தான். புகழ்பெற்ற தணிக்கை நிறுவனமும் இதே பிழையைத் தவறவிட்டிருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் எங்கே தவறினார்கள் என்பதற்கு அந்தத் தீர்ப்பு தரும் பதில், போர்டு கூட்டத்துக்கு முன் இயக்குநர் கையில் சேரும் கோப்பை நாம் பார்க்கும் விதத்தையே மாற்றக்கூடியது.

உண்மைகள் கோப்பில் இருந்தன

இயக்குநர்கள் தரப்பு சொன்ன வாதங்களில் ஒன்று, கோப்பின் அளவு. கூட்டத்துக்குக் கூட்டம் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வந்தன; சிக்கலான விஷயங்கள்; எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பது மனிதரால் ஆகாது என்றார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. தனக்கு எவ்வளவு தகவல் வரவேண்டும், எந்த வடிவில் வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் போர்டிடமே இருக்கிறது. கோப்பு பெருத்துப்போனால் அதை இளைக்க வைக்க வேண்டியதும், படிக்க நேரம் போதாவிட்டால் கேட்டுப் பெற வேண்டியதும் போர்டுதான்.

தீர்ப்பின் இன்னொரு பகுதி இதைவிட முக்கியமானது. கடன்கள் எப்போது முதிர்கின்றன என்பது இயக்குநர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. முந்தைய கூட்டங்களில் அவர்கள் முன் வைக்கப்பட்ட ஆவணங்களிலிருந்தும் அங்கே நடந்த பேச்சுகளிலிருந்தும் அந்த அறிவு அவர்களிடம் சேர்ந்திருந்தது. கடன் நிலவரம் ஒரு தாளில் வந்தது. கணக்கு வேறொரு தாளில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “அந்தத் தாளில் அடுத்த ஆண்டுக்குள் கட்ட வேண்டும் என்று சொன்ன கடன் இந்தத் தாளில் எங்கே?” என்று யாரும் கேட்கவில்லை. கணக்கியலின் ஆழங்கள் தெரிந்திருக்க வேண்டிய கேள்வி அல்ல அது. இரண்டு தாள்களும் ஒரே கண்ணில் பட்டிருந்தால் போதும்.

போர்டுக்கு வரும் ஒவ்வொரு தாளையும் ஒரு துறை எழுதுகிறது. கடன் பற்றிய தாளை நிதிப் பிரிவு எழுதும். ஒப்பந்தத் தாளைக் கொள்முதல் பிரிவு எழுதும். சட்ட இணக்கத் தாளைச் செயலகம் எழுதும். தன் தாளை எழுதியவருக்கு அதற்கு முன்னும் பின்னும் எந்தத் தாள் இருக்கிறது என்பதே பல நேரம் தெரியாது. அப்படியானால், எல்லாத் தாள்களையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்புள்ள பக்கம் கோப்பில் ஒன்றுதான் உண்டு. அது எல்லாவற்றுக்கும் மேலே வைக்கப்படும் முகப்புக் குறிப்பு. தாள் ஒவ்வொன்றின் சாரம், அது ஏன் வருகிறது, இயக்குநர்களிடம் என்ன முடிவு கேட்கப்படுகிறது என்பவற்றைச் சொல்லும் ஓரிரு பக்கங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் அது நிகழ்ச்சி நிரலைச் சற்று நீட்டி எழுதிய பட்டியலாக நின்றுவிடுகிறது. தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்ததன் விளைவாக அது எழுதப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்தியச் சட்டம் எதுவரை வருகிறது

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், போர்டு கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. அவசரமென்றால் குறுகிய அறிவிப்பில் கூட்டலாம். ஆனால் தனி இயக்குநர் உள்ள நிறுவனத்தில் அவர்களில் ஒருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் முடிவை எல்லா இயக்குநர்களுக்கும் அனுப்பி, தனி இயக்குநர் ஒருவராவது உறுதிசெய்த பிறகே அது செல்லும். கடன் வாங்குவது, முதலீடு செய்வது, கணக்குகளுக்கு ஒப்புதல் அளிப்பது போன்றவற்றைப் போர்டு கூட்டத்தில்தான் தீர்மானிக்க வேண்டும் என்று பிரிவு 179 பட்டியலிடுகிறது. கடன், முதலீடு போன்ற சிலவற்றை மட்டும் போர்டு தீர்மானம் போட்டுக் கீழே ஒப்படைக்கலாம்.

கூட்டக் கோப்பின் உள்ளடக்கம் பற்றிப் பேசுவது, இந்தியக் கம்பெனிச் செயலர்கள் நிறுவனம் வெளியிட்ட, சட்டப்படி கட்டாயமான செயலகத் தரநிலை. ஒப்புதல் வேண்டும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பு இணைக்கப்பட வேண்டும் என்கிறது அது. அந்தக் குறிப்பு திட்டத்தின் விவரத்தையும், அதன் பொருளையும் வீச்சையும் விளைவையும் இயக்குநர் புரிந்துகொள்ளப் போதுமான முக்கிய உண்மைகளையும், அதில் எந்த இயக்குநருக்காவது சொந்த அக்கறை உண்டா என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் அது பொருள்வாரியான விதி. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் குறிப்பைக் கேட்கிற தரநிலை, அவை ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்று சொல்லும் பக்கத்தைக் கேட்கவில்லை. அந்த இடம் கம்பெனிச் செயலரின் பொறுப்புணர்வுக்கும் தலைவரின் வற்புறுத்தலுக்கும் விடப்பட்டிருக்கிறது.

தனி இயக்குநருக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. அவர் எதற்குப் பொறுப்பாவார் என்று பிரிவு 149(12) சொல்கிறது: போர்டு நடைமுறைகளின் வழியே அவர் அறிந்து, அவருடைய சம்மதத்தோடோ உடந்தையோடோ நடந்தவற்றுக்கு, அல்லது அவர் கவனத்தோடு நடந்துகொள்ளாத இடத்தில் நடந்தவற்றுக்கு. அந்த நடைமுறைகளின் தடயம் கோப்பில்தான் கிடைக்கிறது. அறிவிப்பும் நிகழ்ச்சி நிரலும் பொருள்குறிப்புகளும் குறைந்தது எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று தரநிலை கேட்கிறது. பல ஆண்டு கழித்து “உங்களுக்கு இது தெரியுமா?” என்ற கேள்வி எழும்போது, முதலில் விரிக்கப்படுவது அந்தக் கோப்புதான்.

கேட்பது என்ன என்ற ஒரு வாக்கியம்

முகப்புக் குறிப்பில் ஒவ்வொரு தாளுக்கும் முதலில் வேண்டியது நோக்கம். நடைமுறையில் நோக்கங்கள் மூன்றுதான்: முடிவுக்கு, கருத்துக்கு, தகவலுக்கு. முடிவுக்கு வரும் தாளில் தீர்மானம் இருக்கும். கருத்துக்கு வரும் தாளில் இன்று முடிவில்லை. நிர்வாகம் திசை கேட்கிறது. தகவலுக்கு வருவதை இயக்குநர்கள் அறிந்துகொண்டால் போதும்.

இந்தப் பிரிவைத் தவறாக எழுதுவதே மிக அதிகமாக நடக்கும் பிழை. அதற்கு ஓர் அடையாளம் உண்டு. தகவலுக்கு என்று தலைப்பிட்ட தாளின் உள்ளே “இதன் அடிப்படையில் பணிகள் தொடங்கப்படும்”, “இதற்கான தொகை அடுத்த காலாண்டில் விடுவிக்கப்படும்” என்ற வரிகள் இருந்தால், அங்கே ஒரு முடிவு தகவல் என்ற பெயரில் போர்டைக் கடக்கப் பார்க்கிறது என்று பொருள். பெரும்பாலும் இதில் உள்நோக்கம் இருக்காது. தாளை எழுதியவருக்கு, இது தம் அதிகார வரம்புக்குள் அடங்கும் விஷயம் என்று தோன்றியிருக்கும். ஆனாலும் போர்டில் அது குறித்துக்கொள்ளப்பட்ட பிறகு, நாளை யாராவது கேட்டால் “போர்டு அறிந்து நடந்தது” என்ற பதில் தயாராக இருக்கும். இயக்குநர்களோ தாம் எதையும் முடிவு செய்ததாக நினைத்திருக்க மாட்டார்கள்.

நோக்கத்துக்கு அடுத்தது, கேட்கப்படும் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. “விரிவாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் கோரப்படுகிறது” என்ற வாக்கியத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. யாரோடு, எவ்வளவு தொகைக்கு மிகாமல், எந்தக் காலத்துக்குள், எந்த நிபந்தனையோடு, யாருக்கு அதிகாரம் அளித்து என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டால் அதைக் கூட்டத்துக்குப் பிறகு வேறு யாரோ நிரப்புவார்கள். வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். ஒப்புதல் அளிப்பது வேறு. பங்குதாரர்களுக்குப் பரிந்துரைப்பது வேறு. ஏற்கெனவே நடந்துவிட்டதைப் பின்னால் உறுதிசெய்வது வேறு. கடைசி வகை வந்தால், ஏன் முன்கூட்டியே வரவில்லை என்பதையும் குறிப்பு ஒரு வரியில் சொல்லியாக வேண்டும்.

இந்த வாக்கியத்தை எழுதச் சொன்னாலே பாதித் தாள்களின் குறை வெளியே வந்துவிடும். என்ன கேட்கிறோம் என்று எழுத முடியாத தாள், இன்னும் போர்டுக்கு வரத் தயாராகாத தாள்.

மூன்று தாள்கள் சந்திக்கும் இடம்

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். நிறுவனமும் எண்களும் கற்பனை. நடப்பு கற்பனை அல்ல. கொங்கு வட்டாரத்தில் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத பொது நிறுவனம். ஆண்டு விற்றுமுதல் ₹500 கோடி, நிகர மதிப்பு ₹120 கோடி, மொத்தக் கடன் ₹210 கோடி. மின்செலவைக் குறைக்க ₹45 கோடியில் சூரிய மின் நிலையம் அமைக்க நிர்வாகம் விரும்புகிறது. ₹36 கோடி புதிய கடன். மிச்சம் ₹9 கோடி சொந்தப் பணம்.

போர்டுக்கு எட்டுத் தாள்கள் போகின்றன. தாள் 4 கடன் பற்றியது. நிதிப் பிரிவு எழுதியது. மின்கட்டணம் எவ்வளவு மிச்சமாகும், எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று நன்றாக எழுதியிருக்கிறது. தாள் 5 நிலையத்தை நிறுவும் ₹41 கோடி ஒப்பந்தம்; பொறியியல் பிரிவு எழுதியது. மூன்று விலைப்புள்ளிகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்திருக்கிறது. தாள் 7 தகவலுக்கு: இப்போதைய வங்கி விதித்த நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறிவருகின்றன என்ற காலாண்டுச் சான்று. அந்த நிபந்தனைகளில் ஒன்று, மொத்தக் கடன் நிகர மதிப்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. இப்போது 210-ஐ 120-ஆல் வகுத்தால் 1.75. எல்லாம் சரி என்கிறது தாள்.

வழக்கமான முகப்புக் குறிப்பு இப்படி இருக்கும்: “தாள் 4: சூரிய மின் நிலையக் கடன், ஒப்புதலுக்கு. தாள் 5: நிறுவல் ஒப்பந்தம், ஒப்புதலுக்கு. தாள் 7: வங்கி நிபந்தனை இணக்கச் சான்று, தகவலுக்கு.” இதில் ஒரு பொய்யும் இல்லை. மூன்று தாள்களிலும் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் இந்தக் கூட்டம் தவறாகப் போகும்.

புதிய கடனைச் சேர்த்தால் மொத்தக் கடன் ₹246 கோடி. அதை 120-ஆல் வகுத்தால் 2.05. இரண்டு மடங்கு வரம்பு மீறப்படுகிறது. தாள் 4-ஐ எழுதியவர் மின்செலவைக் கணக்கிட்டார். தாள் 7-ஐ எழுதியவர் முடிந்த காலாண்டைச் சான்றளித்தார். வரப்போகும் கடனைக் கொண்டு விகிதத்தைக் கணக்கிடுவது இருவர் வேலையும் அல்ல. போர்டு இரண்டையும் ஒரே மாலையில் நிறைவேற்றும். புதிய வங்கி பணம் கொடுத்த அன்றே பழைய வங்கியின் நிபந்தனை முறியும். ஒப்பந்தத்தில் எழுதியுள்ளபடி அந்த வங்கி வட்டியை உயர்த்தலாம், கடனைத் திருப்பிக் கேட்கவும் செய்யலாம்.

இரண்டாவது சிக்கல் தாள் 5-இல் இருக்கிறது. தேர்வான ஒப்பந்ததாரர், இயக்குநர் ஒருவரின் மகளுடைய கணவர் பங்குதாரராக உள்ள தனியார் நிறுவனம். சட்டம் மருமகனை உறவினர் பட்டியலில் வைக்கிறது. ஆகவே இது தொடர்புடைய தரப்போடு செய்யும் ஒப்பந்தம். நூற்பாலையின் அன்றாடத் தொழிலில் சேராதது. தணிக்கைக் குழு முதலில் ஒப்புதல் தர வேண்டும். பிறகு போர்டு தீர்மானம் வேண்டும். அக்கறை உள்ள இயக்குநர் அந்த விவாதத்தின்போது கூட்டத்தில் இருக்கக் கூடாது. விற்றுமுதலில் பத்தில் ஒரு பங்கான ₹50 கோடிக்குள் இருப்பதால் பங்குதாரர் ஒப்புதல் மட்டும் வேண்டாம். தாள் 5 இந்த உறவைச் சொல்லியிருந்தாலும், தாள் 4 சொல்லியிருக்காது. கடனுக்கும் உறவுக்கும் என்ன சம்பந்தம் என்று நிதிப் பிரிவு நினைத்திருக்கும். ஆனால் அந்தக் கடன் போய்ச் சேருவது அந்த ஒப்பந்தத்தில்தான். தாள் 4-இல் அமர்ந்து வாக்களித்துவிட்டுத் தாள் 5-க்கு மட்டும் எழுந்து வெளியே போகும் இயக்குநர், சாராம்சத்தில் பாதி முடிவில் பங்கெடுத்தவராகிவிடுவார்.

தாள்களைச் சேர்த்துப் படித்தவர் எழுதும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும்:

*தாள் 5. சூரிய மின் நிலைய நிறுவல் ஒப்பந்தம். முடிவுக்கு.*
*கேட்கப்படும் முடிவு: தேர்வான ஒப்பந்ததாரரோடு ₹41 கோடிக்கு மிகாமல், 9 மாதத்தில் முடிக்கும் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தல், கையெழுத்திட நிர்வாக இயக்குநருக்கு அதிகாரம் அளித்தல், தாள் 4-இன் நிபந்தனை நிறைவேறுமுன் முன்பணம் தரக் கூடாது.*
*அக்கறை: ஒப்பந்ததாரர் தொடர்புடைய தரப்பு. சம்பந்தப்பட்ட இயக்குநர் தாள் 5, தாள் 4 இரண்டின் விவாதத்திலும் இருக்கமாட்டார். தணிக்கைக் குழுவின் ஒப்புதல் இணைப்பில் உள்ளது.*

*தாள் 4. ₹36 கோடி நீண்டகாலக் கடன். முடிவுக்கு. தாள் 5-க்குப் பிறகு எடுத்துக்கொள்ளப்படும்.*
*கேட்கப்படும் முடிவு: தாளில் குறித்த வங்கியிடம் ₹36 கோடிக்கு மிகாமல், 7 ஆண்டில் திருப்பிச் செலுத்தும் கடனை ஏற்றல், ஆவணங்களில் கையெழுத்திட நிர்வாக இயக்குநருக்கும் நிதி அதிகாரிக்கும் கூட்டாக அதிகாரம் அளித்தல், இப்போதைய வங்கியின் எழுத்துபூர்வ விலக்கு கைக்கு வருமுன் கடனில் எத்தொகையும் எடுக்கக் கூடாது.*
*அதிகாரம்: பங்குதாரர்கள் அனுமதித்த கடன் வரம்பு ₹300 கோடி, இக்கடனுக்குப் பின் ₹246 கோடி.*
*சேர்த்துப் படிக்க: தாள் 7. கடன்–நிகர மதிப்பு விகிதம் இப்போது 1.75, இக்கடனுக்குப் பின் 2.05, வரம்பு 2.*

தாள்களின் வரிசை மாறியிருக்கிறது. ஒரு புதிய நிபந்தனை பிறந்திருக்கிறது. ஓர் இயக்குநர் எந்தெந்த நேரத்தில் வெளியே இருக்க வேண்டும் என்பது முன்பே தெளிவாகிவிட்டது. தகவலுக்கு வந்த தாள் 7, இரண்டு நிமிடத்தில் கடந்து போகிற தாளாக இல்லாமல் கடன் விவாதத்தின் நடுவே வந்து நிற்கிறது. இவை எதுவும் தனித் தாள் ஒன்றைச் சுருக்கியதால் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: குறிப்பு இந்தத் திட்டத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல திட்டமாகவே இருக்கலாம். என்ன நிபந்தனையோடு ஒப்புக்கொண்டால் அது பாதுகாப்பாக நடக்கும் என்பதை மட்டும் போர்டுக்குக் காட்டுகிறது.

யார் எழுதுவது, எப்போது

இதற்கு நாள் வேண்டும். ஏழு நாளுக்கு முன் கோப்பு இயக்குநர் கையில் சேர வேண்டுமென்றால், தாள்கள் அதற்கும் மூன்று நான்கு நாள் முன்பே கம்பெனிச் செயலரிடம் வந்திருக்க வேண்டும். பல நிறுவனங்களில் தாள்கள் கடைசி மாலையில் வருகின்றன; அப்போது செயலரால் செய்யக் கூடியது பக்க எண் போடுவது மட்டும்தான். முகப்புக் குறிப்பு பட்டியலாகச் சுருங்குவதற்கு முதற்காரணம் செயலரின் திறமைக்குறைவு அல்ல, இந்த நேரமின்மை.

ஒவ்வொரு தாளுக்கும் உரிய வரிகளை அந்தத் தாளின் ஆசிரியரே முதலில் எழுதுவது நல்லது. தம் தாள் என்ன கேட்கிறது என்று அவரே ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பார்க்கட்டும். ஆனால் ‘சேர்த்துப் படிக்க’ என்ற வரியைத் துறைகளிடம் விடக் கூடாது. அதைச் செயலரும் நிதி அதிகாரியும் கோப்பு முழுவதையும் முன்னால் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். அப்போது அவர்கள் தேடுவது பெரும்பாலும் நான்கு இடங்களில் கிடைக்கும்: ஒரே தொகை இரண்டு தாளில் வேறு வேறாக வருவது, ஒரு தாளின் முடிவு இன்னொரு தாளின் விகிதத்தையோ வரம்பையோ மாற்றுவது, ஒரே நபரோ நிறுவனமோ இரண்டு தாளில் தோன்றுவது, ஒரு தாளில் நடந்துவிட்டதாகச் சொன்னது இன்னொரு தாளில் இன்னும் கேட்கப்படுவது. சென்ட்ரோ பிழை இந்த முதல் வகையைச் சேர்ந்தது.

தலைவர் இதைப் படித்து ஏற்ற பிறகே கோப்பு போக வேண்டும். எந்தத் தாளுக்கு எவ்வளவு நேரம் என்று அவர் தீர்மானிப்பது இந்தப் பக்கத்தை வைத்துத்தான். பட்டியலிட்ட நிறுவனங்களில் பங்கு விலையைப் பாதிக்கும் வெளிவராத செய்திகள் இருந்தால், தனி இயக்குநர் ஒருவராவது உட்பட இயக்குநர்களில் பெரும்பாலோர் சம்மதித்தால் அந்தத் தாளைத் தாமதமாக அனுப்பத் தரநிலை இடம் தருகிறது. அப்போதும் அந்தத் தாளின் எண்ணும் நோக்கமும் முகப்புக் குறிப்பில் இருக்க வேண்டும். ஒரு முடிவு வரப்போகிறது என்ற செய்தியே கூட்ட நாளில்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இந்தப் பக்கம் செய்யக் கூடாதவை

முகப்புக் குறிப்பு நன்றாக இருந்தால் இயக்குநர்கள் அதை மட்டும் படித்துவிட்டு வந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. சென்ட்ரோ தீர்ப்பே அதற்கு எல்லை கட்டுகிறது. இயக்குநர் பிறர் உதவியை நாடலாம், பிறர் சொல்லை நம்பலாம். ஆனால் கணக்குகளைத் தாமே படித்துப் புரிந்துகொள்ளும் கடமையை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. ஆகவே குறிப்பின் ஒவ்வொரு எண்ணும் தாளில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இயக்குநரை அது தாளுக்குள் அனுப்ப வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, குறிப்பு பரிந்துரைக் கடிதமாக மாறுவது. “நிறுவனத்தின் எதிர்காலத்துக்கு மிக அவசியமான” என்பது போன்ற வரிகள் முகப்புக்கு உரியவை அல்ல. திட்டத்துக்கு ஆதரவான வாதம் தாளுக்குள் இருக்கட்டும். முகப்புப் பக்கம் வாக்களிக்கச் சொல்லித் தூண்டத் தொடங்கினால், எதிர்க்கும் உண்மைகளுக்கு அங்கே இடம் குறையும்.

மூன்றாவது, பக்கம் குறைவாக இருந்தால் போதும் என்ற எண்ணம். சென்ட்ரோவுக்கு முன்பே, அமெரிக்காவின் டிரான்ஸ் யூனியன் நிறுவனத்தில் சென்ட்ரோ பிழைக்கு நேரெதிரான ஒன்று நடந்தது. 1980 செப்டம்பர் 20 அன்று, பங்கு ஒன்றுக்கு 55 டாலர் விலையில் நிறுவனத்தை விற்கும் திட்டத்தைத் தலைவர் வான் கோர்கம் சுமார் இருபது நிமிடம் வாய்மொழியாக விளக்கினார். கூட்டம் எதற்கு என்று பெரும்பாலான இயக்குநர்களுக்கு முன்கூட்டியே தெரியாது. அந்த விலை எப்படி வந்தது என்று காட்டும் தாள் எதுவும் அவர்கள் முன் இல்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஒப்புதல் கிடைத்தது. 1985-இல் டெலவேர் உச்ச நீதிமன்றம், அந்த இயக்குநர்கள் போதிய தகவல் இன்றி முடிவெடுத்தார்கள் என்று தீர்ப்பளித்தது, வழக்கு 2.35 கோடி டாலர் தந்து தீர்க்கப்பட்டது. அங்கே தாளே இல்லை. சென்ட்ரோவில் தாள்கள் ஏராளம். இரண்டு இடத்திலும் இயக்குநர்கள் முன் இல்லாமல் போனது ஒன்றே: இன்று நாம் எதை முடிவு செய்கிறோம், அந்த முடிவு வேறு எதையெல்லாம் தொடுகிறது என்று சொல்லும் பக்கம்.

கூட்டத்துக்குப் பிறகு பார்க்க வேண்டியது

முகப்புக் குறிப்பு சரியாக எழுதப்பட்டதா என்று அறிய எளிய வழி, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. அதன் வரைவு பதினைந்து நாளுக்குள் இயக்குநர்களுக்குப் போக வேண்டும். அப்போது கேட்கப்பட்ட முடிவையும் எடுக்கப்பட்ட தீர்மானத்தையும் வரிக்கு வரி ஒப்பிடலாம். தீர்மானத்தில் புதிய நிபந்தனையோ குறைந்த தொகையோ இருந்தால், போர்டு தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். அந்த நிபந்தனை ஏன் கோப்பிலேயே வரவில்லை என்று செயலகம் கேட்டுக்கொள்ள வேண்டும். தீர்மானம் கேட்டதைவிட அகலமாக இருந்தால், யாரோ பேச்சின் நடுவே வரம்பை நீட்டியிருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால், ஒன்று தாள்கள் மிக நன்றாக எழுதப்படுகின்றன, அல்லது போர்டு படிக்காமல் ஒப்பமிடுகிறது. எது என்று தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் பொருளுக்கு ஒரு குறிப்பு கேட்கிறது. பொருள்களுக்கு இடையே உள்ளதைக் கேட்பது போர்டின் வேலை. அதற்குப் புதிய விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேட்கும் முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்லாத தாள் நிகழ்ச்சி நிரலில் ஏறாது; அப்படி வந்தால் திருப்பி அனுப்பச் செயலருக்கு அதிகாரம் உண்டு; கோப்பு முழுவதையும் சேர்த்துப் படிக்க அவருக்கு இரண்டு முழு நாள் தரப்படும் என்று ஒரு போர்டு தன் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம். எதிர்க்க வேண்டியவர் யாரும் இல்லாத தீர்மானம் அது. தனக்கு வரும் தகவலின் வடிவம் தன் கையில் இருக்கிறது என்று மிடில்டன் சொன்ன பொறுப்பை ஒரு போர்டு ஏற்றுக்கொள்வது அங்கேதான் தொடங்குகிறது.